கார்வை பாதியில் மறைந்தால், தாளம் இழுத்தால்: இணையப் பாட்டு வகுப்பில் பிழை நீக்கும் வழிமுறை

கர்நாடக சங்கீதத்தில் குரலிசை சொல்லித்தருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீணை, வயலின், மிருதங்கம் சொல்லித்தருபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். நான் ஜூம் பயன்படுத்துவதால் திரையில் வரும் பெயர்களை அதன்படியே தந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. வகுப்பில் ஏதோ சரியாகக் கேட்கவில்லை என்றால் பிழை மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: மாணவரின் குரலில், அந்தப் பக்கத்து மென்பொருளில், அல்லது இணைய இணைப்பில். அதே வரியை மூன்று முறை பாடச் சொல்லுங்கள். மூன்று முறையும் ஒரே இடத்தில், ஒரே விதமாகக் கெட்டால் குரலாகவோ மென்பொருளாகவோ இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கெட்டால் இணைப்பு. குரலா மென்பொருளா என்று பிரிக்க, வீட்டில் இருக்கும் இன்னொரு கைபேசியில் அந்த வரியைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவில் நன்றாக இருந்து வகுப்பில் மட்டும் கெட்டிருந்தால், பிள்ளையைத் திருத்த வேண்டியதில்லை. இந்தச் சோதனை தெரியாமல் முதல் இரண்டு மாதம் ஒரு பெண்ணை "மூச்சு பத்தவே மாட்டேங்குது உனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்செல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அறிகுறி: கார்வை இரண்டு மூன்று விநாடியில் மங்கி மறைகிறது, தம்புரா கேட்கவே இல்லை

இது மென்பொருள். காணொளி அழைப்புகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போல மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று முடிவுகட்டி நீக்கிவிடும். பேச்சில் எந்த ஒலியும் அரை விநாடிக்கு மேல் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆனால் நாம் அகார சாதகத்தில் ஷட்ஜத்தை ஆடாமல் அசையாமல் பிடிக்கச் சொல்கிறோம். பிள்ளை எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு விரைவில் அது மின்விசிறியாகிவிடுகிறது. தம்புராவுக்கும் அதே கதிதான். வீணையில் மீட்டிய பின் வரும் நாதத்தின் வால் அறுபடும். மிருதங்கத்தில் மெல்லிய சொற்கள் காணாமல் போகும்.

தீர்வு `Settings > Audio` பகுதியில் இருக்கிறது. அங்கே `Original sound for musicians` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் வகுப்புத் திரையின் மேல்பக்கம் அதே பெயரில் ஒரு பொத்தான் வரும். அது `On` என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்: இரைச்சல் நீக்கம் ஒலியை அனுப்பும் கருவியில் நடக்கிறது. மாணவரின் கார்வை மறைந்தால் மாணவரின் கருவியில் மாற்ற வேண்டும். உங்கள் கணினியில் எத்தனை முறை தட்டினாலும் அது சரியாகாது. உங்கள் பக்கத்து அமைப்பு, நீங்கள் பாடுவது அவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே மாற்றும்.

அந்தப் பெயருக்குக் கீழே இன்னும் சில கட்டங்கள் இருக்கும். `High-fidelity music mode` ஒலியின் தரத்தைக் கூட்டும். அதற்கேற்பத் தரவும் கூடுதலாகக் கேட்கும். இணைப்பு சுமாராக இருக்கும் வீட்டில் அதை விட்டுவிடுங்கள். இரைச்சல் நீக்கம் நின்றாலே நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். `Echo cancellation` கட்டத்தை மாணவர் காதில் கம்பி இயர்போன் போட்டிருந்தால் மட்டும் எடுக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் குரல் அவருடைய ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்குள் புகுந்து உங்களுக்கே திரும்பி வரும்.

புளூடூத் இயர்போன் வேண்டாம். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பல கருவிகள் ஒலித் தரத்தைத் தொலைபேசி அளவுக்கு இறக்கிவிடும். போதாக்குறைக்குத் தாமதத்தையும் கூட்டும். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பி இயர்போன் இதற்கு மேல்.

அறிகுறி: பாட்டு நிற்கும்போதெல்லாம் தம்புரா பெரிதாகிறது, பாடத் தொடங்கினால் அமுங்குகிறது

மைக்கின் ஒலியளவை மென்பொருள் தானாகக் கூட்டிக் குறைக்கிறது. `Automatically adjust microphone volume` என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, மேல் ஷட்ஜத்தில் உரக்கப் பாடச் சொல்லி, ஒலி உடையாத அளவில் கையால் வைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

தம்புராவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தாமதம் சுருதியை மாற்றாது. அரை விநாடி பிந்தி வந்தாலும் ஐந்து கட்டை ஐந்து கட்டைதான். ஆனாலும் உங்கள் தம்புராவை இணையத்தில் அனுப்பி, அதற்கு மாணவர் பாடட்டும் என்று விடாதீர்கள். இணைப்பு தடுக்கும் ஒவ்வொரு நொடியும் அவருக்கு ஆதாரமே போய்விடும். மாணவர் பக்கத்தில், வகுப்பு நடக்கும் கருவியில் அல்லாமல் வேறொரு கைபேசியில், மைக்கிலிருந்து ஓரிரண்டு அடி தள்ளி மெல்ல ஒலிக்கட்டும். உங்களுக்குக் குரலோடு சேர்ந்து லேசாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் சேர்கிறதா என்று சொல்ல முடியும். உங்கள் தம்புரா உங்கள் ஒரு காதில் மட்டும் போதும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கும்போது அலை அலையாக ஒரு அதிர்வு வந்தால் இரண்டு செயலிகளின் நுண்சுருதி ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இருவரும் நுண்சுருதியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அறிகுறி: சேர்ந்து பாடினால் மாணவர் பின்தங்குகிறார், போகப் போகக் காலப்பிரமாணம் இழுக்கிறது

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். இதற்கு அமைப்பில் மருந்து கிடையாது. வகுப்பு நடத்தும் முறையைத்தான் மாற்ற வேண்டும். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

நியூஜெர்சியில் ஒன்பது வயதுப் பெண். மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை, ஆதி தாளம், மூன்று காலம். முதல் காலம் பிரமாதம். இரண்டாம் காலத்தில் லேசாக இழுத்தாள். மூன்றாம் காலத்தில் நான் மத்தியமத்துக்கு வரும்போது அவள் ரிஷபத்தில் இருந்தாள். "கண்ணா, என்கூடவே வா" என்றேன். "மிஸ், நான் உங்ககூடதான் பாடறேன்!" என்று கிட்டத்தட்ட அழுதாள். அவள் சொன்னது உண்மை.

ஒரு தாளச் சோதனை செய்து பார்த்தோம். மெட்ரோனோமை 60-இல் வைத்து, விநாடிக்கு ஒன்றாக நான் தட்டினேன். என் தட்டு கேட்கும் அதே நொடியில் அவளும் தட்ட வேண்டும். என் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி அவள் தட்டு வந்து விழுந்தது. ஆக, என் ஒலி அவளுக்குப் போய், அவள் ஒலி எனக்குத் திரும்ப சுமார் 330 மில்லிவிநாடி ஆகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். முதல் காலத்தில் ஒரு ஸ்வரம் ஒரு விநாடி. அதில் 330 பெரிதாகத் தெரியாது. இரண்டாம் காலத்தில் ஸ்வரத்துக்கு 500. முக்கால் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கியது போல் தெரியும். மூன்றாம் காலத்தில் ஸ்வரத்துக்கு 250. ஒரு ஸ்வரத்துக்கும் மேல் பிந்திக் கேட்கும். அவள் காதில் இருவரும் ஒன்றாகத்தான் பாடுகிறோம். என் காதில் அவள் பின்னால் ஓடி வருகிறாள். நான் என்னை அறியாமல் அவளுக்காகக் கொஞ்சம் நிதானிக்கிறேன். அந்த நிதானம் அவளுக்குக் கேட்கிறது, அவளும் நிதானிக்கிறாள். நாலு ஆவர்த்தனத்தில் காலப்பிரமாணம் கீழே உட்கார்ந்துவிடுகிறது.

நல்ல இணைப்பு வாங்கினால் சரியாகிவிடாதா? வெளிநாட்டு மாணவருக்கு ஆகாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லிவிநாடி ஒளிக்கே வேண்டும். கம்பி நேராகப் போவதில்லை, நடுவில் கருவிகள், சர்வர்கள். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒருபக்கத் தாமதம் சுமார் 25, 30 மில்லிவிநாடியைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். அது ஒரே மேடையில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். ஜாக்டிரிப், ஜாமுலஸ் போன்ற மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்கவென்றே வந்தவை. இருவரும் ஒரே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்து, வைஃபை இல்லாமல் கம்பி இணைப்பில் இருந்தால் முயன்று பார்க்கலாம். கடல் கடந்தால் அவற்றாலும் தூரத்தைச் சுருக்க முடியாது.

ஆகவே இணைய வகுப்பில் சேர்ந்து பாடுவதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மூன்று முறைகள். புதிய வரி சொல்லித்தரும்போது நான் பாட, அவர் கேட்டுத் திருப்பிப் பாடுவது. முறைவைத்துப் பாடுவதில் தாமதத்தால் ஒரு சின்ன இடைவெளி வரும், கெடுதல் இல்லை. வரி பாதி படிந்ததும் மாணவரின் மைக்கை அணைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து பாடச் சொல்வது. அவருக்குச் சேர்ந்து பாடும் அனுபவம் முழுதாகக் கிடைக்கும்; எனக்கு எதுவும் கேட்காது, உதட்டையும் கையையும் மட்டும் பார்க்கிறேன். மூன்றாவது, நன்றாகப் படிந்தபின் என் மைக்கை அணைத்துக்கொண்டு அவரைத் தனியே பாடவிட்டுக் கேட்பது. அப்போது மெட்ரோனோம் அவர் பக்கத்தில் ஓட வேண்டும்.

மூன்றாவது முறையில் நான் தாளம் போடுவதில்லை. கை பரபரக்கும், ஆனாலும் மடியில் வைத்துக்கொள்வேன். திரையில் ஆசிரியர் கை அசைந்தால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். எடுப்பு சரியா என்று பார்க்க அவர் கையைத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படமும் ஒலியும் எப்போதும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. தொடையில் மைக்குக்குக் கேட்கும்படி தட்டச் சொல்லுங்கள். தட்டும் குரலும் ஒரே மைக் வழியாக ஒரே தாமதத்தோடு வரும். சமத்துக்கு அரை இடம் தள்ளி எடுக்க வேண்டியதைச் சமத்திலேயே எடுத்தால் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: கமகம் தட்டையாகக் கேட்கிறது, ஆனால் எப்போதும் அல்ல

தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்தது போல் கேட்கும். "அசைச்சுப் பாடு" என்பீர்கள். பிள்ளை இன்னும் பலமாக அசைக்கும். அடுத்த முறை அது அதீதமாகக் கேட்கும். இது இணைப்பின் வேலை. ஒலி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. நடுவில் ஒன்றிரண்டு தொலைந்தால், மென்பொருள் அந்த ஓட்டையை முந்தைய ஒலியை வைத்தே நிரப்பிவிடும். பேச்சில் அது தெரியவே தெரியாது. கமகத்தில், மேலே போக வேண்டிய ஸ்வரம் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். குரல் அறுபடாததால் இணைப்பின் மேல் சந்தேகமே வராது, அதுதான் இதில் ஆபத்து.

`Settings > Statistics` பகுதியில் ஒலிக்கான வரியில் `Packet loss` என்ன சொல்கிறது என்று வகுப்பின் நடுவே பாருங்கள். ஓரிரு சதவீதத்துக்கு மேல் நின்றால், அன்று கமகத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு ஸ்வரஸ்தானம், சாகித்திய உச்சரிப்பு, தாளம் என்று வேலை வாங்கிவிட்டு, கமகத்துக்குப் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி அனுப்பாமல், பதிவுச் செயலியில் பாடி அந்தக் கோப்பை `Document` ஆக அனுப்பினால் தரம் குறையாமல் வரும்.

அறிகுறி: குரல் உடைந்து உடைந்து வருகிறது, படம் உறைகிறது

வேகச் சோதனையில் "100 எம்பிபிஎஸ் வருதே" என்பார்கள். வகுப்புக்கு அந்த எண் முக்கியமில்லை. ஒருவருக்கொருவர் காணொளிக்கு நல்ல தரத்தில் ஒரு எம்பிபிஎஸ் இருந்தாலே ஓடும். ஒலிக்கு மட்டும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. சீராக வருகிறதா என்பதுதான் கேள்வி. விண்டோஸ் கணினியில் `Command Prompt` என்ற கட்டளைப் பெட்டியைத் திறந்து இரண்டு வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்:

```
ping -n 50 192.168.1.1
ping -n 50 8.8.8.8
```

முதல் வரி வீட்டு ரவுட்டர் வரை போய்வருகிறது. சில வீடுகளில் அதன் எண் `192.168.0.1` ஆக இருக்கும். இரண்டாவது வெளி உலகம் வரை. முடிவில் `Lost`, `Minimum`, `Maximum` என்று வரும். முதல் வரியிலேயே தொலைந்தாலோ, சில நேரம் 2, சில நேரம் 300 என்று தாவினாலோ, குறை வீட்டு வைஃபையில். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை. ரவுட்டர் இருக்கும் அறைக்கு மாறி உட்காரச் சொல்லுங்கள், முடிந்தால் கம்பி போடச் சொல்லுங்கள். முதல் வரி சுத்தமாக இருந்து இரண்டாவது மட்டும் தாவினால் குறை வெளியே. அதிலும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தால் வீட்டில் யாராவது கைபேசிப் படங்களை மேகத்துக்கு ஏற்றுகிறார்களா என்று விசாரியுங்கள். மேலேற்றம் அடைத்துக்கொண்டால் உங்களுக்கு அவர் குரல் உடையும். அவருக்கு உங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். குறை ஒருபக்கமாக இருப்பதே அதற்கு அடையாளம்.

வகுப்பு நடுவில் உடைந்தால் என் வரிசை இது. முதலில் இருவரும் படத்தை அணைக்கிறோம். சரியாகாவிட்டால் `High-fidelity` இருந்தால் எடுக்கிறோம். அதற்கும் ஆகாவிட்டால் மாணவர் கைபேசித் தரவுக்கு மாறுகிறார். இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. அதற்குமேல் நேரடி வகுப்பை நிறுத்திவிட்டு அஞ்சல் வகுப்பு: அன்றைய பாடத்தை இரண்டிரண்டு வரியாக நான் பாடிப் பதிவு அனுப்புவேன், அவர் பாடித் திருப்பி அனுப்புவார், நான் கேட்டுத் திருத்தம் சொல்வேன். மெதுவாகப் போகும். ஆனால் "கேக்குதா, கேக்குதா" என்று நாற்பது நிமிடம் கத்துவதைவிட இதில் பாட்டு அதிகம். கட்டணமும் முழு வகுப்புக்கானதே என்று சேரும்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் மின்வெட்டு இன்னொரு விஷயம். மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: சோதனை வகுப்பு நன்றாகப் போனது, அப்புறம் அவர்கள் வரவில்லை

நான் விசாரித்துப் பார்த்தவரை காரணம் பாட்டில் இருக்காது. அரை மணி நேரச் சோதனை வகுப்பில் இருபது நிமிடம் மைக்கைச் சரிசெய்வதில் போயிருக்கும். பெற்றோர் பார்த்தது ஒரு பாட்டு வாத்தியாரை அல்ல, கணினி பழுதுபார்ப்பவரை.

இப்போது முந்தின நாள் பத்து நிமிடம் தனியாக ஒதுக்கி, பெற்றோரில் ஒருவரோடு கருவியை மட்டும் பார்த்துவிடுகிறேன். மேலே சொன்ன ஒலி அமைப்பு, கம்பி இயர்போன், இரண்டாவது கைபேசியில் தம்புரா, தாளத் தட்டுச் சோதனை. தாமதம் எவ்வளவு என்று அப்போதே குறித்துக்கொள்வேன். இந்தப் பத்து நிமிடம் இலவசம். சோதனை வகுப்புக்கு மட்டும் வழக்கமான கட்டணத்தில் பாதி வாங்குகிறேன். இலவசமாக வைத்திருந்த காலத்தில், சும்மா பார்க்கலாமே என்று வந்தவர்கள் பாதிப்பேர் நேரத்துக்கு வரவே இல்லை.

சோதனை வகுப்பில் முதல் வேலை கட்டை கண்டுபிடிப்பது. ஐந்து கட்டையில் கீழ் பஞ்சமம் முதல் மேல் ஷட்ஜம் வரை பாடச் சொல்லி, சிரமப்பட்டால் அரைக் கட்டை இறக்குகிறேன், அல்லது ஏற்றுகிறேன். பிறகு நாலு நாலு ஸ்வரமாக நான் பாட, அவர் திருப்பிப் பாட. இந்தப் பகுதிதான் காதை எனக்குக் காட்டும். பதினைந்து நிமிடம் இதிலேயே இருப்பேன். அடுத்து ஆதி தாளம் போட்டுக்கொண்டு எண்ணுவது. கடைசியில் பெற்றோரிடம் மூன்றே விஷயம்: என்ன கேட்டேன், எங்கிருந்து தொடங்குவேன், சேர்ந்து பாட முடியாது என்பதால் வகுப்பு எப்படி முறைவைத்துப் போகும். கடைசி விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால், ஒரு மாதம் கழித்து "மேடம் கூடவே பாட மாட்டேங்கறாங்க" என்று புகார் வரும்.

சேர்ந்தபின் வகுப்பு 45 நிமிடம். சுருதியோடு ஐந்து நிமிடம். பிறகு பழைய பாடத்தை, என் மைக் அணைந்த நிலையில், முழுதாக ஒரு முறை. நடுவில் நிறுத்துவதில்லை, நிறுத்தச் சொன்னால் அது அவருக்குப் போய்ச் சேருமுன் அடுத்த வரிக்குப் போயிருப்பார். திருத்தங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, முடிந்தபின் சொல்கிறேன். அதற்கப்புறம் புதுப்பாடம் இருபது நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் அன்றைய வரிகளை நான் பதிவுசெய்து அனுப்பிவிடுவேன். வாரம் முழுக்க அவர்கள் சேர்ந்து பாடுவது அந்தப் பதிவோடுதான்.

அமெரிக்க மாணவர்கள் இருந்தால் நாட்காட்டியில் இரண்டு நாட்களைக் குறித்து வையுங்கள்: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. அங்கே கடிகாரம் மாறும், இங்கே மாறாது. நமக்குக் காலை 6.30 என்பது நியூஜெர்சியில் குளிர்காலத்தில் இரவு 8, கோடையில் இரவு 9. பள்ளி இருக்கும் நாளில் ஒன்பது வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிக்குப் பாட வைக்க முடியாது. எனவே மார்ச் வந்தால் நான் 5.30-க்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.